பத்துச் செக்கன் அவகாசம்: ஜப்பானில் கைத்தொலைபேசி அலறும்போது

இலங்கையிலிருந்து ஜப்பானுக்கு வேலைக்குச் செல்வோருக்காக இரண்டு நாடுகளுக்கும் இடையில் 2018இலும் 2019இலும் உடன்படிக்கைகள் செய்துகொள்ளப்பட்டன. அதற்குப் பிறகு முதியோர் பராமரிப்பு, உணவு பொதிசெய்தல், விவசாயம் போன்ற வேலைகளுக்காக ஜப்பானிய மொழி படிக்கும் பிள்ளைகளை மலையகத்திலும் காண்கிறோம். வெலிமடையிலோ ஊவாப் பரணகமவிலோ ஒரு தோட்டத்திலிருந்து ஒரு மகள் அங்கே போனால், வீட்டார் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நிலம் ஆடுவதைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை.

நமக்கு அது பழக்கமில்லாத ஒன்று. 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பக்கத்தில் சிறு அதிர்வு ஏற்பட்டபோது, மக்கள் அதைப் பல நாள் பேசினார்கள். ஜப்பானில் அப்படிப்பட்ட அதிர்வு செய்தியே அல்ல. ஆனால் பெரிய அதிர்ச்சி வரும்போது, அங்கே ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசி ஒரு வினோதமான சத்தத்துடன் அலறும். திரையில் ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை வாசித்து முடிக்கக்கூட நேரம் இருக்காது. ஆகவே அது என்ன சொல்கிறது என்பதைப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

திரையில் வரும் வரி

ஜப்பான் வளிமண்டலவியல் முகவரகம் பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை கொடுக்கத் தொடங்கியது 2007 ஒக்டோபர் முதலாம் திகதி. தொலைக்காட்சி, வானொலி ஆகியவற்றோடு கைத்தொலைபேசிக்கும் அது வருகிறது. திரையின் மேலே 緊急地震速報 என்ற ஆறு எழுத்துகள் இருக்கும். இதை 'கின்க்யூ ஜிஷின் சொக்குஹோ' என்று வாசிப்பார்கள். அவசர நிலநடுக்கச் செய்தி என்று பொருள். அதன் கீழே ஓர் இடத்தின் பெயரும், '地震発生。強い揺れに備えてください' என்ற வாசகமும் இருக்கும். இந்த இடத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டுள்ளது, பலத்த ஆட்டத்திற்குத் தயாராகுங்கள் என்பது இதன் கருத்து.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திரையில் காணும் இடப்பெயர் நிலநடுக்கம் தொடங்கிய இடத்தின் பெயர்; நீங்கள் நிற்கும் இடத்தின் பெயர் அல்ல. "அது வேறு மாகாணம்தானே, நமக்கென்ன" என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் பகுதியும் பலமாக ஆடும் என்று கணக்கிட்டதால்தான் அந்தச் செய்தி உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

ஜப்பானியர்கள் ஓரிடத்தில் நிலம் எவ்வளவு ஆடியது என்பதை 0 முதல் 7 வரையான ஓர் அளவால் சொல்கிறார்கள். அதை 'ஷிந்தோ' என்பார்கள். 5க்குக் கீழ்ப்படி என்ற நிலையில் அலுமாரியிலுள்ள பாத்திரங்கள் விழலாம். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பெரும்பாலானோருக்குத் தோன்றும். எங்காவது அந்த அளவோ அதற்கு மேலோ வரும் என்று கணக்கிட்டால், 4ஆம் படி அல்லது அதற்கு மேல் ஆடக்கூடிய பகுதிகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை போகிறது. 7 என்பது மனிதர் விரும்பியபடி நகரவே முடியாத நிலை.

இது சாதாரண குறுஞ்செய்தி அல்ல. தொலைபேசிக் கோபுரத்திலிருந்து அந்தப் பகுதியிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பப்படுவது. கட்டணம் இல்லை, டேட்டாவும் தேவையில்லை. ஆனால் தொலைபேசி அணைத்து இருந்தாலோ விமான நிலையில் இருந்தாலோ வராது. இலங்கையிலிருந்து கொண்டுபோன பழைய தொலைபேசியில் வராமலும் போகலாம். ஆகவே அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே, கூட வேலை செய்பவரிடம் காட்டி, அமைப்புகளில் 緊急速報 என்பது திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஐபோனில் இது அறிவித்தல்கள் பகுதியின் அடியில் இருக்கும்.

செக்கன்கள் எங்கிருந்து கிடைக்கின்றன?

நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இன்னும் யாராலும் முடியாது. அப்படியிருக்க, இந்த எச்சரிக்கை எப்படி முன்னே வருகிறது? மின்னல் முதலில் தெரிகிறது, இடி பின்னால் கேட்கிறது அல்லவா? அதைப் போலத்தான். பூமிக்குள் பாறை உடையும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதல் அலை செக்கனுக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அது மெல்லிய அதிர்வு; அதிகம் சேதம் செய்யாது. இரண்டாவது அலை செக்கனுக்கு 4 கிலோமீற்றர் அளவில்தான் வரும். வீட்டைச் சாய்ப்பது இந்த இரண்டாவது அலைதான்.

நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கருவிகள் வைத்திருக்கிறார்கள். முதல் அலையை அருகிலுள்ள கருவிகள் உணர்ந்தவுடன், கணினி இடத்தையும் பலத்தையும் கணக்கிட்டுச் செய்தியை அனுப்பிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலநடுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து 30 கிலோமீற்றரில் கருவி இருக்கிறது. முதல் அலை அங்கே வர 4 செக்கன் ஆகும். கணக்கிட்டு அனுப்ப இன்னும் 5 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஆக, 9ஆவது செக்கனில் தொலைபேசி அலறும். நம் மகள் 100 கிலோமீற்றரில் இருந்தால், பலத்த அலை அவளிடம் வர 25 செக்கன் ஆகும். அவளுக்கு 16 செக்கன் அவகாசம் கிடைக்கிறது. ஆனால் அவள் 30 கிலோமீற்றருக்குள்ளேயே இருந்தால், பலத்த அலை 8ஆவது செக்கனிலேயே வந்துவிடும். எச்சரிக்கை வருவதற்குள் வீடு ஆடத் தொடங்கியிருக்கும்.

ஆகவே தொலைபேசி அலறவில்லை என்பதற்காக யாரும் காத்திருக்கக் கூடாது. நிலம் ஆடினால் அதுவே எச்சரிக்கை.

2011 மார்ச் 11ஆம் திகதி வடகிழக்கு ஜப்பானில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பிற்பகல் 2.46க்குக் கடலுக்கடியில் 9 என்ற அளவிலான நிலநடுக்கம் தொடங்கியது. கரையிலுள்ள கருவி முதல் அலையை உணர்ந்து 8.6 செக்கனில் எச்சரிக்கை வெளியானது. சென்டாய் நகர மக்களுக்குப் பலத்த ஆட்டம் வருவதற்கு 15 செக்கன் அளவு கிடைத்தது. இது கணினியின் வெற்றி. ஆனால் அதே நாளில் ஒரு குறையும் தெரிந்தது. பாறை உடைவது தெற்கு நோக்கி நீண்டுகொண்டே போனதை முதல் சில செக்கன்களில் கணினியால் அறிய முடியவில்லை. அதனால் தோக்கியோப் பக்கம் பலமாக ஆடியபோதும், முதல் எச்சரிக்கை அங்கே போகவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2020 ஜூலை 30ஆம் திகதி காலை தோக்கியோ உட்படப் பரந்த பகுதியில் தொலைபேசிகள் அலறின. ஒரு சிறு ஆட்டமும் உணரப்படவில்லை. தூரத்துக் கடலில் நடந்த நிலநடுக்கத்தின் இடத்தைக் கணினி கரைக்குக் கிட்டவாகத் தவறாகக் கணித்துவிட்டது. முகவரகம் மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் அங்குள்ளவர்கள் எச்சரிக்கையை அணைத்துவிடச் சொல்வதில்லை. மேசைக்கடியில் ஒரு முறை வீணாகப் புகுந்ததால் யாருக்கும் நட்டமில்லை.

அந்தப் பத்துச் செக்கனில் என்ன செய்வது?

வீட்டில் இருந்தால் வெளியே ஓடக் கூடாது. இது நமக்கு ஏற்றுக்கொள்ளச் சிரமமான அறிவுரை. மண் சரியும் சத்தம் கேட்டால் லயத்தைவிட்டு ஓட வேண்டும் என்றே நாம் பழகியிருக்கிறோம். ஆனால் நிலநடுக்கத்தில் ஓடுபவர் படியில் விழுகிறார். வாசலுக்கு வந்தால் கூரை ஓடும் கண்ணாடியும் தலையில் விழுகின்றன. உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை இல்லாவிட்டால் அலுமாரி, கண்ணாடிச் சன்னல் ஆகியவற்றிலிருந்து விலகி, தலையணையாலோ பையாலோ தலையை மூடிக்கொண்டு குந்தியிருக்க வேண்டும்.

சமையலறையில் நிற்பவருக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் முதலில் வரும். ஜப்பானில் வீட்டு எரிவாயு மானிகள் ஷிந்தோ 5 அளவு ஆட்டத்தை உணர்ந்தால் தாமாகவே எரிவாயுவை நிறுத்திவிடும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்பதைவிட விலகுவதே மேல். அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அணைக்கலாம். இல்லையென்றால் ஆட்டம் நின்ற பிறகு அணைக்கலாம்.

தெருவில் இருந்தால் சீமெந்துக் கல் மதில்களை விட்டு விலக வேண்டும். 2018 ஜூன் 18ஆம் திகதி ஒசாக்காப் பகுதி நிலநடுக்கத்தில், பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பாடசாலையின் நீச்சல் தடாகத்து மதில் விழுந்து இறந்தாள். மின்தூக்கியில் இருந்தால் எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் நிற்கும் மாடியில் இறங்கிவிட வேண்டும்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கேள்வி எழும். "படுக்கையில் கிடக்கும் பாட்டியை விட்டுவிட்டு நான் மேசைக்கடியில் புகுவதா?" என்று. அந்தச் செக்கன்களில் யாரையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரின் தலைக்குத் தலையணையையோ போர்வையையோ போட்டுவிட்டு, சக்கர நாற்காலியின் தடையைப் பூட்டிவிட்டு, உங்கள் தலையையும் காத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காயப்படாமல் இருந்தால்தான் ஆட்டம் நின்றபின் அவர்களைக் கவனிக்க ஆள் இருக்கும்.

ஆட்டம் நின்றதும் காலில் செருப்பையோ சப்பாத்தையோ போட்டுக்கொள்ள வேண்டும். தரையெல்லாம் கண்ணாடி கிடக்கும். கதவைத் திறந்து வைக்க வேண்டும்; சட்டம் வளைந்தால் பிறகு திறக்காது. ஒன்று முடிந்துவிட்டது என்று நம்பவும் கூடாது. 2024 ஜனவரி முதலாம் திகதி நோத்தோ தீபகற்பத்தில் மாலை 4.06க்கு ஒரு பலத்த ஆட்டம் வந்தது. நான்கு நிமிடம் கழித்து 4.10க்கு வந்ததுதான் பெரியது. வீடுகள் விழுந்து பலர் இறந்தது அந்த இரண்டாவதில்தான்.

இரண்டாவது திரை: கடல்

நிலம் ஆடி ஓய்ந்த சில நிமிடங்களில் இன்னொரு செய்தி வரக்கூடும். அதில் 津波 என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். சுனாமி என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த எழுத்துகள் அவைதான். 津波警報 என்றால் சுனாமி எச்சரிக்கை. முன்னால் 大 என்ற எழுத்தும் சேர்ந்து 大津波警報 என்று வந்தால், பேரலை எச்சரிக்கை. நோத்தோவில் 4.12க்கு முதல் எச்சரிக்கையும் 4.22க்குப் பேரலை எச்சரிக்கையும் வந்தன.

முதல் திரை "இருந்த இடத்தில் இரு" என்கிறது. இரண்டாவது திரை "உடனே ஓடு" என்கிறது. இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. கடற்கரையிலோ ஆற்று முகத்திலோ இருப்பவர்கள் 高台, அதாவது உயர்ந்த நிலத்துக்குப் போக வேண்டும். அருகில் மேடு இல்லாவிட்டால் உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏற வேண்டும். 2004 டிசெம்பர் 26இல் நம் கரைக்கு அலை வர இரண்டு மணிநேரமளவு சென்றது; ஆனால் சொல்ல யாரும் இருக்கவில்லை. ஜப்பானில் சொல்ல ஆள் உண்டு, நேரம்தான் இல்லை. சில கரைகளுக்கு அலை சில நிமிடங்களிலேயே வந்துவிடும்.

இங்கேயும் 2011 ஒரு பாடம் கற்பித்தது. அன்று மூன்று நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் முதல் கணக்கில் நிலநடுக்கத்தின் பலம் குறைவாகத் தெரிந்ததால், ஈவாத்தே மாகாணத்துக்கு 3 மீற்றர் அலை என்று அறிவித்தார்கள். "நம் கடற்சுவர் அதைவிட உயரம்தானே" என்று நின்றவர்கள் உண்டு. உண்மையில் வந்த அலை அதைப் பல மடங்கு மிஞ்சியது. 2013 மார்ச்சிலிருந்து, மிகப் பெரிய நிலநடுக்கமென்றால் முதல் செய்தியில் மீற்றர்க் கணக்கைச் சொல்லாமல் 巨大, அதாவது 'இராட்சத' அலை என்று மட்டும் சொல்கிறார்கள். எண்ணைக் கேட்டு மனிதர் நின்று கணக்குப் பார்க்கக் கூடாது என்பதே காரணம்.

அந்தக் கரையோர மக்களிடம் 'தென்தென்கோ' என்றொரு பழைய சொல் உண்டு. சுனாமி வந்தால் ஒருவரை ஒருவர் தேடாமல் அவரவர் ஓடித் தப்புங்கள் என்பது அதன் பொருள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் தாயும் பிள்ளையும் "நீயும் ஓடியிருப்பாய்" என்று ஒருவரை ஒருவர் நம்பும்படி முன்பே பேசி வைப்பதுதான் அதன் உட்கருத்து.

வெட்டி வைத்துக்கொள்ளச் சில சொற்கள்

- 地震 (ஜிஷின்): நிலநடுக்கம். தலையைக் காத்துக்கொள்ளுங்கள்.
- 津波 (ட்சுனாமி): ஆழிப்பேரலை. மேட்டுக்கு ஓடுங்கள்.
- 避難指示 (ஹினான் ஷிஜி): வெளியேறும்படி உள்ளூர்ச் சபையின் பணிப்பு. இது 4ஆம் நிலை. ஆபத்தான இடத்திலுள்ள எல்லோரும் போய்விட வேண்டும்.
- 土砂災害 (தோஷா சைகாய்): மண்சரிவு அனர்த்தம்.
- 訓練 (குன்ரென்): பயிற்சி. உண்மையான ஆபத்து இல்லை.
- にげて (நிகெதே): ஓடுங்கள், தப்புங்கள்.

மழைக்காலத்தில் உள்ளூர்ச் சபைகள் அனுப்பும் செய்திகளில் நிலைகள் இலக்கத்தோடு வரும். 3 என்றால் முதியோரும் நோயாளரும் வெளியேற வேண்டும். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவருக்கு இந்த 3தான் முக்கியம். இல்லத்தை நகர்த்தத் தொடங்கும் நேரம் அது. 5 வரும்வரை காத்திருக்கக் கூடாது. 5 என்றால் அனர்த்தம் வந்துவிட்டது அல்லது வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். நம்முடைய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் எச்சரிப்பதை ஊவாவில் உள்ளவர்கள் அறிவார்கள். சிவப்பு வந்தால் வெளியேற வேண்டும் என்பது போன்றதே அங்கே 4.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு வேறு வீடோ நிலமோ அந்த மக்களிடம் இருக்கவில்லை. எச்சரிக்கையோடு, போகும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் ஒவ்வொரு பகுதியிலும் பாடசாலை, பூங்கா என்று அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கும். ஓடும் மனிதன் வரைந்த பச்சைப் பலகை நிற்கும். 避難場所 என்பது உயிர் தப்ப முதலில் போகும் இடம். 避難所 என்பது பிறகு தங்கும் இடம். சேர்ந்த முதல் வாரத்திலேயே மகள் தன் தங்குமிடத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும்.

திரையில் தமிழோ சிங்களமோ வராது. ஜப்பான் சுற்றுலா முகவரகத்தின் மேற்பார்வையில் உள்ள Safety tips என்ற செயலி பதினைந்து மொழிகளில் எச்சரிக்கையைச் சொல்கிறது. அதில் ஆங்கிலம் உண்டு. நம் இரு மொழிகளும் இல்லை. ஆகவே மேலே உள்ள சொற்களைப் பார்த்தவுடன் அடையாளம் காணும்படி கண்ணுக்குப் பழக்கிக்கொள்வதே வழி.

இங்கிருந்து வீட்டார் செய்யக்கூடியது

ஜப்பானில் நிலநடுக்கம் என்று செய்தி கேட்டதும், வெலிமடையிலிருந்து அம்மா, அண்ணன், அத்தை என்று எல்லோரும் அழைக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் அடைபட்டுக் கிடக்கும். உங்கள் அழைப்பு அவளுடைய மின்கலத்தையும் தின்றுவிடும். ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் பொறுத்திருப்பது நல்லது.

பெரிய அனர்த்தத்தின்போது ஜப்பானில் 171 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் குரல் செய்தி பதியலாம். வெளிநாட்டிலிருந்து அந்த இலக்கம் பயன்படாது. ஆனால் அதன் இணையத்தளமான web171.jp ஐ இங்கிருந்தே திறக்கலாம். மகளின் ஜப்பானியத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால் அவள் விட்ட செய்தியைப் பார்க்கலாம். ஆங்கிலத்திலும் உண்டு. மாதத்தின் 1ஆம், 15ஆம் திகதிகளில் பரீட்சித்துப் பார்க்கவும் இடமுண்டு. ஒரு நாள் அவளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.

இதற்கு அவளுடைய ஜப்பானிய இலக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசுகிறோம் என்பதால் பல வீடுகளில் அந்த இலக்கம் இருப்பதில்லை. வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், தங்குமிட முகவரி, அவளுடைய ஒதுங்கும் இடத்தின் பெயர் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள நாட்காட்டியின் பின்னால் ஒட்டி வையுங்கள். தூதரகத்தை அழைக்க நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது இந்த விபரங்களைத்தான்.